பதினெட்டு என்றால் பாஸா?

உங்கள் பெண் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டைக் கொண்டு வந்து நீட்டுகிறாள். அதில் மொத்தம் 600-க்கு 300 என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பாடத்தில் எவ்வளவு என்ற வரிகளின் மேல் யாரோ கறுப்பு மை பூசிவிட்டார்கள். "பாதி வந்தாச்சுப்பா, பாஸ்" என்கிறாள். நீங்கள் விட்டுவிடுவீர்களா? கணக்கில் எவ்வளவு, ஆங்கிலத்தில் எவ்வளவு என்று கேட்காமல் சாப்பிட உட்கார மாட்டீர்கள்.

அதே பெண்ணுக்கு ஆறேழு வருஷம் கழித்து மாப்பிள்ளை பார்க்கும்போது, "36-க்கு 18 வந்திருக்கு" என்று செல்போன் சொல்கிறது. உடனே நாம் தலையாட்டுகிறோம். "பாதி வந்துடுச்சே, தாராளமா செய்யலாம்!"

நான் பி.காம். படித்தவன். ஒரு மொத்தத் தொகையைப் பார்த்தால் அதற்கு மேலே என்னென்ன வரிகள் இருந்தன என்று தேடுகிற கெட்ட பழக்கம் உண்டு. இந்தப் பதினெட்டையும் அப்படிப் பிரித்துப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன். ஜோசியம் உண்மையா, பொய்யா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. அதை நம்புகிறவர்களின் கணக்குப்படியே, அந்தப் பதினெட்டு என்ன சொல்கிறது? அதுதான் விஷயம்.

முதலில் இந்த 36 எங்கே வந்து இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். நமக்கு ஊரிலே பத்துப் பொருத்தம்தான். தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று விரல் விட்டு எண்ணி, "பத்துக்கு ஏழு" என்பார் ஜோசியர். 36 என்பது வடக்கே புழங்குகிற அஷ்டகூடக் கணக்கு. குண மிலான் என்பார்கள். இப்போது கல்யாண இணையதளங்களும் ஜாதக சாஃப்ட்வேர்களும் அதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்துவிட்டன.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரகடம் போகிற வழியில் வல்லம் வடகால் என்றொரு ஊர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது, இன்றைக்கு சிப்காட். 2024 ஆகஸ்டில் அங்கே 706 கோடி ரூபாய் செலவில் பெண் தொழிலாளர்களுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். 18,720 பேர் தங்கலாம். ஒரு சின்ன டவுனே அடுக்கடுக்காக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்து வந்த பெண்கள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். சுற்றியிருக்கிற கம்பெனிகளில் பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசப் பையன்களும் வேலை பார்க்கிறார்கள். கல்யாண வயசு. பத்துப் பொருத்தமும் முப்பத்தாறும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இடம் அது.

அங்கே ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் என் கற்பனை; நட்சத்திரக் கணக்கு கற்பனை இல்லை, நீங்களே போட்டுப் பார்க்கலாம். பெண், விழுப்புரம் பக்கம். விசாகம் நாலாம் பாதம், விருச்சிக ராசி. பையன் உத்தரப்பிரதேசம். உத்திரம் இரண்டாம் பாதம், கன்னி ராசி. ஒரே கம்பெனி கேன்டீனில் பழக்கம். பையனின் அம்மா ஊரிலிருந்து போன் பண்ணி, "குணம் எத்தனை சேருது, அதை மட்டும் கேட்டுச் சொல்லு" என்கிறாள்.

அஷ்டகூடத்தில் எட்டுப் பாடம். இதில் ஒரு வேடிக்கை உண்டு: பாடத்தின் வரிசை எண்தான் அதன் முழு மார்க். முதல் பாடம் வர்ணம், 1 மார்க். இரண்டாவது வசியம், 2. மூன்றாவது தாரை, நம்ம தினப் பொருத்தத்தின் உறவுக்காரன், 3. அப்புறம் யோனி 4, கிரக மைத்ரி 5, கணம் 6, பகூட் என்கிற ராசிப் பொருத்தம் 7, நாடி 8. ஒன்றிலிருந்து எட்டு வரை கூட்டுங்கள், 36. அவ்வளவுதான் அந்த 36-ன் ரகசியம். அதில் பாதி 18. அதற்குக் கீழே வந்தால் வேண்டாம் என்பது மரபு.

நம் ஜோடிக்கு மார்க் போடுவோம்.

வர்ணம்: பூஜ்யம். விருச்சிகம் 'பிராமண' ராசி, கன்னி 'வைசிய' ராசி. (பிறந்த ஜாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; ராசிகளையே நாலு வர்ணமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.) பெண்ணின் வர்ணம் பையனுடையதைவிட உயர்ந்திருக்கக்கூடாதாம். வசியத்தில் 2-க்கு 1. தாரையில் 3-க்கு ஒன்றரை.

யோனியில் அவனுக்கு மாடு, அவளுக்குப் புலி. ஜென்மப் பகை, பூஜ்யம். கிரக மைத்ரியில் அவன் ராசிநாதன் புதன், அவளுக்குச் செவ்வாய். புதனுக்குச் செவ்வாய் சமம். செவ்வாய்க்குப் புதன் பகை. 5-க்கு அரை மார்க். கணத்தில் அவன் மனுஷ கணம், அவள் ராட்சச கணம். 6-க்குப் பூஜ்யம்.

இதுவரை ஆறு பாடம், 21 மார்க். நம் ஜோடி வாங்கியது மூன்றே மூன்று.

அடுத்தது பகூட். கன்னியிலிருந்து விருச்சிகம் மூன்றாவது ராசி. அங்கிருந்து திரும்ப எண்ணினால் பதினொன்றாவது. நல்ல இடம், 7-க்கு 7. நாடியில் அவன் ஆதி நாடி, அவள் அந்திய நாடி. வேறு வேறாக இருந்தாலே போதும், 8-க்கு 8. மூன்றும் பதினைந்தும் பதினெட்டு. பாஸ்!

இப்போது நிதானமாக யோசியுங்கள். யோனி என்பது உடம்பின் இசைவைச் சொல்கிறது, மைத்ரி மனசின் நட்பை, கணம் சுபாவத்தை. இது நான் சொல்வதில்லை, அந்த சாஸ்திரமே சொல்வது. இரண்டு பேர் ஒரு வீட்டில் நாற்பது வருஷம் இருக்க எதெல்லாம் வேண்டுமோ, அந்த மூன்று பாடத்திலும் சேர்த்து 15-க்கு அரை மார்க். அதே சாஸ்திரப்படி. ஆனால் மொத்தத்தைப் பார்த்த அம்மா சந்தோஷமாக லட்டு வாங்கிவிட்டாள்.

காரணம், கடைசி இரண்டு பாடமும் ஆள் முழுங்கிகள். 36-ல் 15 அவற்றிடம். அதோடு, இரண்டிலும் பாதி மார்க் என்பதே கிடையாது. முழுசாக உண்டு, இல்லாவிட்டால் முட்டை. அந்த இரண்டும் கிடைத்துவிட்டால் மிச்சம் ஆறு பாடத்திலும் சேர்த்து மூணு மார்க் தேற்றினால் போதும். அந்த இரண்டும் போய்விட்டால் மிச்சத்தில் 21-க்குப் பதினெட்டு எடுத்தாக வேண்டும். ஒரே பாஸ் மார்க்தான். ஒருத்தனுக்கு வாய்க்கால், இன்னொருத்தனுக்கு சமுத்திரம்.

சமுத்திரத்தில் விழுந்த ஜோடி ஒன்றையும் பார்க்கலாம். பெண் ரோகிணி, ரிஷபம். பையன் உத்திராடம் இரண்டாம் பாதம், மகரம். வர்ணம் முழு மார்க். வசியம் முழு மார்க். தாரை முழு மார்க். சுக்கிரனும் சனியும் நண்பர்கள், மைத்ரி 5-க்கு 5. இரண்டு பேரும் மனுஷ கணம், 6-க்கு 6. யோனியில் மட்டும் பாம்பும் கீரியும், பூஜ்யம். ராசி ஒன்பதுக்கு ஐந்தாக விழுவதால் பகூட் பூஜ்யம். இருவரும் அந்திய நாடி, அதனால் அதுவும் பூஜ்யம். மொத்தம் 17. ஃபெயில்!

மனசும் சுபாவமும் முழு மார்க் வாங்கிய ஜோடி ஒரு மார்க்கில் கோட்டை விட்டது. அரை மார்க் வாங்கிய ஜோடி பந்தலுக்குப் போயாச்சு. மொத்தத் தொகை மட்டும் தெரிந்தவனுக்கு இந்த இரண்டு ஜோடிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரே ஒரு மார்க்தான்.

நல்ல ஜோசியர்களுக்கு இது தெரியும். ரிஷபத்துக்கும் மகரத்துக்கும் அதிபதிகள் நண்பர்களாக இருப்பதால் பகூட் தோஷம் கழிந்துவிட்டது என்பார் ஒருவர். அந்த ஏழைத் திருப்பிக் கொடுத்தால் 17 என்பது 24 ஆகிவிடும். நாடிக்கும் இப்படி விலக்குகள் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் ஆள் பார்த்துச் சொல்கிற விஷயம். செல்போனில் வருகிற மொத்தத்தில் இந்த விலக்கு சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதை நீங்கள் மொத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தளத்தில் 17-ம் இன்னொன்றில் 24-ம் காட்டினால் அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், யாரும் ஏமாற்றவில்லை.

சரி, இப்போது பெண் வீட்டுக்கு வருவோம். விழுப்புரத்து அப்பா தன் பங்குக்கு ஊர் ஜோசியரிடம் போகிறார். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு முதலில் பார்ப்பது ரஜ்ஜு. மற்ற ஒன்பதும் இருந்து ரஜ்ஜு தட்டினால் நம்ம பக்கம் கல்யாணமே கிடையாது. விசாகம் வயிற்று ரஜ்ஜு. உத்திரமும் வயிற்று ரஜ்ஜு. "வேண்டாங்க. புத்திர தோஷம். குழந்தைக்கு ஆகாது."

இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஏனென்றால், நாடிப் பொருத்தத்துக்கு வடக்கே எட்டு மார்க் தூக்கிக் கொடுப்பதே குழந்தைப் பேற்றையும் ஆரோக்கியத்தையும் அது காட்டுகிறது என்றுதான். அதே இரண்டு நட்சத்திரம், அதே கேள்வி. லக்னோ பக்கம் எட்டுக்கு எட்டு. விழுப்புரத்தில் குழந்தைக்கு ஆகாது. நம் ரோகிணி–உத்திராடம் ஜோடியை எடுத்துப் பாருங்கள், அப்படியே தலைகீழ். 36-ல் ஃபெயிலான அவர்களுக்கு நம் கணக்கில் ரஜ்ஜு இல்லை, வேதை இல்லை, தினம், கணம், ஸ்திரீ தீர்க்கம், ராசி, ராசியதிபதி எல்லாம் இருக்கிறது. பத்துக்கு ஏழு. "பேஷா செய்யலாம்" என்பார் அதே ஜோசியர்.

விந்திய மலையைத் தாண்டும்போது சந்திரன் மாறிவிடுகிறதா என்ன?

அந்தச் சந்திரனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த 36 மார்க்கும் பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடத்தை மட்டும் வைத்துப் போடுவது. லக்னம், ஏழாமிடம், செவ்வாய், தசை எதுவும் இதில் வராது. ஒரு நட்சத்திரத்தைக் கடக்க சந்திரனுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஒரு பாதம் என்பது ஏறத்தாழ ஆறு மணி நேரம்.

நம் விசாகத்துப் பெண் நாலாம் பாதம் ஆரம்பித்து அஞ்சு நிமிஷத்தில் பிறந்தவள் என்று வையுங்கள். ஆஸ்பத்திரியில் நேரம் குறித்த நர்ஸ் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடியிருந்தால் அவள் மூன்றாம் பாதம், ராசியே துலாமாக மாறிவிடும். மறுபடி மார்க் போடுங்கள். வர்ணம் 1, வசியம் 2, தாரை ஒன்றரை, யோனி பூஜ்யம். புதனும் சுக்கிரனும் நண்பர்கள், மைத்ரி அரையிலிருந்து 5-க்குத் தாவுகிறது. கணம் பூஜ்யம். கன்னியும் துலாமும் அடுத்தடுத்த ராசி, பகூட் 7 போச்சு. நாடி 8. கூட்டினால் பதினேழரை.

அரை மார்க்கில் ஃபெயில். அதுவும், முன்னால் பகைவர்களாக இருந்தவர்கள் உயிர் நண்பர்களாக ஆன பிறகு!

நம் ஊரில் இதற்கு நர்ஸ்கூட வேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நட்சத்திரம் முடிகிற நேரத்தில் வித்தியாசப்படும். எல்லையில் பிறந்த பெண்ணுக்கு ஒன்றில் துலாம், மற்றதில் விருச்சிகம் வர வாய்ப்பு உண்டு. உங்கள் வீட்டு ஜாதகத்தில் நட்சத்திரமோ பாதமோ மாறுகிற நேரத்துக்குப் பக்கத்தில் பிறப்பு விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். விழுந்திருந்தால் இரண்டு பாதத்துக்கும் போட்டுப் பாருங்கள். மொத்தம் அரை மார்க்கே அசைந்திருக்கலாம். உள்ளே இருப்பது முழுக்கப் புரண்டிருக்கலாம்.

இன்னொன்று. விருச்சிகத்திலேயே பெண்ணை வைத்துக்கொண்டு, ஆளை மட்டும் மாற்றிப் போடுங்கள். விசாகம் பையன், உத்திரம் பெண். இப்போது 19 வரும். ஏன்? அந்த வர்ண மார்க். அவன் மேலே, அவள் கீழே என்று ஆனதற்கு ஒரு மார்க் பரிசு! மற்ற ஏழு பாடமும் அப்படியே இருக்கிறது. ஒரு மார்க்தானே என்று விடலாம். ஆனால் 18-ல் நிற்கிற ஜோடிக்கு ஒரு மார்க்தான் வாழ்வும் சாவும். போதாததற்கு, விசாகத்துப் பெண் என்றாலே இளைய மைத்துனனுக்கு ஆகாது என்று நம்மவர்கள் தனியாக ஒரு மைனஸ் மார்க் வைத்திருக்கிறார்கள். விசாகத்துப் பையனால் எந்த மைத்துனனுக்கும் எந்த ஆபத்தும் இல்லை.

கணக்குக்காரன் புத்தி விடவில்லை. எந்தப் பொருத்தமும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் நிறுத்தினால் சராசரியாக எத்தனை வரும் என்று போட்டுப் பார்த்தேன். நாடி மூன்று வகை, ஒவ்வொன்றிலும் ஒன்பது நட்சத்திரம். ஆக மூன்று ஜோடிக்கு இரண்டு ஜோடிக்கு 8 மார்க் சும்மாவே விழும். பகூட் இரண்டுக்கு ஒன்று. மைத்ரி சராசரி 5-க்கு 3. இப்படி எட்டுப் பாடத்தையும் கூட்டினால் இருபது, இருபத்தொன்று பக்கம் வருகிறது. (யோனிக்கும் வசியத்துக்கும் ஊருக்கு ஊர் அட்டவணை கொஞ்சம் மாறும். அதனால் 'பக்கம்' என்கிறேன்.)

அதாவது, ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் முதலில் இறங்குகிற பையனையும் அடுத்து இறங்குகிற பெண்ணையும் சேர்த்து வைத்தாலே சராசரி பாஸ் மார்க்கைத் தாண்டிவிடும். நீங்கள் மாசக்கணக்கில் தேடி, தரகருக்குப் பணம் கொடுத்து, 18 வந்தது என்று மகிழ்கிறீர்களே, அது குலுக்கல் சீட்டின் சராசரியைவிடக் குறைச்சல்.

"அப்புறம் எதுக்கு சார் பார்க்கறாங்க?" என்று கேட்பீர்கள். அதற்கு ஜோசியத்துக்குள் பதில் இல்லை. நமக்குள் இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்ல 'ஜாதகம் பொருந்தலைங்க' மாதிரி மரியாதையான வார்த்தை தமிழில் இன்னொன்று இல்லை. பெண் கறுப்பு, சம்பளம் கம்மி, அவங்க வேற ஆளுங்க என்றெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. யார் மனசும் நோகாது. சந்திரன் மேல் பழி, அது கோர்ட்டுக்கு வராது. சரி என்று சொல்லவும் அதே வசதி. நாளைக்குக் கல்யாணம் கசந்து, பெண் பெட்டியோடு வாசலில் நின்றால், "எல்லாம் பொருத்தம் பார்த்துத்தானே செஞ்சோம்?" என்று கேட்டுக்கொள்ளலாம். விசாரிக்காமல் விட்ட அப்பா, கேட்காமல் விட்ட அம்மா, சொல்லாமல் விட்ட தரகர் என்று யாருமே அங்கே இருக்க மாட்டார்கள். பதினெட்டு மட்டும் இருக்கும்.

எனக்கு உறுத்துவது இதுதான். ஜோசியரிடம் போவது குற்றமில்லை. பாட்டி காலத்திலும் போனார்கள். ஆனால் அந்த ஜோசியர் திண்ணையில் உட்கார்ந்து ரஜ்ஜு தட்டுது, கணம் இடிக்குது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டுக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் வாதாடினார்கள். "கணம் இல்லேன்னா சண்டை வருமா? வரட்டும், அவ அப்பாகூட எனக்கும் தினம் சண்டைதான்" என்று பாட்டி சொல்ல அங்கே இடம் இருந்தது. மொத்தமாக ஓர் எண்ணைத் தூக்கிப் போட்டதும் அந்த வாதம் போய்விட்டது. எண்ணோடு யார் வாதாடுவது?

கேன்டீன் ஜோடியை நடுவில் விட்டுவிட்டோம். பையன் அம்மா சரி என்றாள், பெண்ணின் அப்பா கூடாது என்றார். இரண்டு பேரும் ஒரு தடவைகூட நேரில் பேசிக்கொள்ளவில்லை, மொழியும் கிடையாது. அவளுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், அவனுக்கு ஜெனரல் ஷிப்ட். கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே வீடு எடுப்பதா, அவன் ஊருக்குப் போவதா? அவள் வேலையை விட வேண்டியிருக்குமா? அவள் மாசாமாசம் அம்மாவுக்கு அனுப்புகிற பணம் நிற்குமா, தொடருமா? எதையும் யாரும் இன்னும் கேட்கவில்லை. இரண்டு வீட்டிலும் பேச்சு பதினெட்டிலேயே நிற்கிறது. நேற்று இன்னொரு ஆப்பில் போட்டுப் பார்த்தார்களாம், பதினெட்டரை காட்டுகிறது. அந்த அரை எங்கேயிருந்து வந்தது என்று பையனின் மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.